கீசர் நாள் முழுக்க ஓடினால் கரண்ட் எவ்வளவு வீணாகும்?

கேள்வி: சார், நாங்கள் கோவையில் இருக்கிறோம், வீட்டில் நாலு பேர். 25 லிட்டர் கீசர், 2000 வாட், வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஸ்டார் லேபிளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். குளிர் ஆரம்பித்ததில் இருந்து என் மாமனார் அதை அணைப்பதே இல்லை. "ஆறவிட்டுத் திரும்பக் காய வைத்தால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும்" என்கிறார். கீசர் போடாத முந்தைய பில்லில் 415 யூனிட், இப்போது 522. அவர் சொல்வது சரியா? இதைக் கொடுத்துவிட்டு ஃபைவ் ஸ்டார் கீசர் வாங்கிவிடலாமா?

பதில்: புதுக் கீசர் வேண்டாம். உங்கள் மாமனார் சொல்வது தவறுதான், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தவறில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய லேபிளில் 0.8 என்று ஒரு எண் இருக்கிறது பாருங்கள். டேங்கில் சூடான தண்ணீர் நிற்க, யாருமே குழாயைத் திறக்காவிட்டாலும், அதன் உடம்பு வழியாக 24 மணி நேரத்தில் வெளியேறும் வெப்பம், யூனிட் கணக்கில். இதற்கு நிலை இழப்பு என்று பெயர். உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் 45 டிகிரி வித்தியாசம் என்று வைத்துச் சோதித்த அளவு. உங்கள் குளியலறையில் காற்று 25 டிகிரி, தெர்மோஸ்டாட் 60 என்றால் வித்தியாசம் 35தான். வித்தியாசம் குறைந்தால் இழப்பும் அதே விகிதத்தில் குறையும். ஆக, நாள் முழுக்க ஆனில் இருந்தால் சுமார் 0.62 யூனிட் போகும். இரண்டு மாதத்துக்கு 37 யூனிட்.

குளியலுக்கு எவ்வளவு என்றும் பார்த்துவிடுவோம். ஒரு ஆளுக்கு 40 டிகிரியில் ஒரு பக்கெட், அதாவது 18 லிட்டர் என்றால், 0.3 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 75. இதையும் அந்த 37ஐயும் கூட்டினால் 112. குளிரில் மின்விசிறி ஓட்டம் கொஞ்சம் குறைந்திருக்கும், அதைக் கழித்துப் பாருங்கள், உங்கள் பில்லில் ஏறிய 107க்குக் கணக்கு சரியாக வருகிறது. கீசரில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை.

இனி மாமனார் விஷயம். தண்ணீர் சூடாக இருக்கும் நேரமெல்லாம் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். ஆற ஆற, கசிவின் வேகம் குறையும். அதனால் ஆறவிட்டுத் திரும்பக் காய வைக்கச் செலவாகும் மின்சாரம், தொடர்ந்து சூடாகவே வைத்திருப்பதைவிட எப்போதும் குறைவுதான். இதில் சந்தேகமே வேண்டாம். கேள்வி, எவ்வளவு குறைவு என்பதுதான்.

உங்கள் டேங்கின் காப்பு நன்றாகவே இருக்கிறது. 60 டிகிரியில் முழு டேங்க் தண்ணீரை வைத்து அணைத்தால், 24 மணி நேரம் கழித்தும் அது 44 டிகிரி வாக்கில் இருக்கும். அந்த ஒரு நாளில் அது இழந்தது 0.47 யூனிட். ஆனில் விட்டிருந்தால் 0.62. வித்தியாசம் 0.15 யூனிட்தான்! இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். எல்லோரும் குளித்து முடித்து, கீசர் மறுபடி முழுக்கக் காய்ந்து, சிவப்பு விளக்கு அணைந்த பிறகு ஸ்விட்சை அணைக்கும் வீடுகளில் மிச்சம் இவ்வளவுதான். அணைத்தும் பில் குறையவில்லையே என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மிச்சம் வருவது, அணைக்கும்போது டேங்கில் சூடு இல்லாமல் இருந்தால். உங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு குளியலுக்கு 60 டிகிரி தண்ணீர் 8 லிட்டர்கூடத் தேவைப்படாது, மீதி பச்சைத் தண்ணீர்தான். எனவே காலையில் முதல் ஆள் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள். 25 லிட்டர் காய ஒரு யூனிட், அரை மணி நேரம் போதும். மூன்றாவது ஆள் உள்ளே போகும்போதே அணைத்துவிடுங்கள். அவருக்கும் நாலாவது ஆளுக்கும் டேங்கில் இருப்பது போதும். கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் மிஞ்சும், அது இழப்பதற்கு அதிகம் இருக்காது. இப்படிச் செய்தால் நாளுக்கு 0.45 யூனிட் வரை, இரண்டு மாதத்துக்கு 27 யூனிட் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். மாமனாருக்கு ராத்திரி கை கால் கழுவ வெந்நீர் வேண்டுமென்றால் அப்போது பத்து நிமிடம் போட்டுக்கொள்ளட்டும், அதைத் தடுக்க வேண்டியதில்லை.

சாதாரணமாக 27 யூனிட் என்பது நூற்றுச் சொச்சம் ரூபாய். இதற்காக வீட்டில் சண்டை போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் 522இல் நிற்கிறீர்கள். நம் மின் கட்டணத்தில் 500 யூனிட் ஒரு கோடு. அதைத் தாண்டிய யூனிட்டுகளுக்குச் சுமார் எட்டரை ரூபாய். அதோடு, 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடும், அந்த நூறு யூனிட்டுக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்ட வேண்டும். இதில் மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல். 522, 495 ஆனால் உங்களுக்கு மிச்சம் நானூற்றைம்பது ரூபாய் வாக்கில் வரும். 350 யூனிட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே வேலையால் அவ்வளவு வராது.

495 என்பது கோட்டுக்கு மிக நெருக்கம் என்பதால் தெர்மோஸ்டாட்டையும் 60இல் இருந்து 55க்கு இறக்குங்கள். 50க்குக் கீழே மட்டும் போகாதீர்கள், வெதுவெதுப்பாகவே நிற்கும் தண்ணீரில் கிருமி வளரும்.

புதுக் கீசரைப் பற்றி: ஃபைவ் ஸ்டார் மாடலில் இந்த நிலை இழப்புதான் குறைவு. குளிக்கும் தண்ணீரைக் காய வைக்க அதுவும் இதே யூனிட்டைத்தான் எடுக்கும். ஸ்விட்சைச் சரியான நேரத்தில் அணைக்க ஆரம்பித்துவிட்டால், அந்த இழப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். பல ஆயிரம் கொடுத்து வாங்கியதை வருடத்தில் சில மாதம் ஓட்டி மீட்க, கீசரின் ஆயுளே போதாது. இது ஒழுகினால், அல்லது டேங்க் துருப்பிடித்தால், அப்போது வாங்குங்கள். வாங்கும்போது லேபிளில் அந்த எண் சிறியதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்றைச் சோதித்துவிடுங்கள். வெந்நீர்க் குழாய் சொட்டினால் பெரிய செலவு அதுதான். மணிக்கு ஒரு லிட்டர் சொட்டினால்கூட, கீசர் ஆனில் இருக்கும்போது நாளைக்கு ஒரு யூனிட், அதாவது முழு நிலை இழப்பையும் விட அதிகம். தண்ணீர் காயும்போது கீசருக்கு அடியில் இருக்கும் சேஃப்டி வால்வு ஓரிரு சொட்டு விடுவது இயல்பு. காய்ந்து முடித்த பிறகும் நிற்காவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். எது ஒழுகுகிறது என்று தெரியவில்லை என்றால், ராத்திரி படுக்கப் போகும் முன் வால்வுக்கு அடியில் ஒரு மக்கும், குழாய்க்கு அடியில் ஒரு மக்கும் வையுங்கள்.