போன மாதம் 101 வெள்ளி, இந்த மாதம் 143: மின்சார பில் பற்றிய கேள்விகள்

ஜூலை மாதம் மின்சாரத்துக்கு 101 வெள்ளி வந்தது. ஆகஸ்டில் 143 வெள்ளி. வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஏர்கான் போடுவதும் அதே அளவுதான். மீட்டர் கெட்டுவிட்டதா?
*வாசகி, ஈசூன்*

நீங்கள் அனுப்பிய இரண்டு பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. விஷயம் யூனிட் கணக்கில் இருக்கிறது.

பில்லில் kWh என்று இருப்பதுதான் நாம் யூனிட் என்று சொல்வது. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 3,000 வாட் வாட்டர் ஹீட்டர் இருபதே நிமிடத்தில் ஒரு யூனிட்டைச் சாப்பிட்டுவிடும்.

பழைய வகை மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ஆள் வந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவார்கள். இடைப்பட்ட மாதத்துக்கு, நீங்கள் முன்பு செலவழித்த அளவை வைத்து ஓர் உத்தேசக் கணக்குப் போடுவார்கள். உங்கள் ஜூலை பில் அப்படிப்பட்டது. அதற்கு முன் ஜூன் விடுமுறையில் குடும்பத்தோடு மதுரைக்குப் போயிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வீடு பூட்டிக் கிடந்ததால் அப்போது செலவு குறைவு. அந்தக் குறைவு ஜூலை உத்தேசத்தையும் கீழே இழுத்துவிட்டது.

எண்களைப் பாருங்கள். ஜூலை தொடக்கத்தில் மீட்டரில் உண்மையாகப் பார்த்த எண் 18,240. ஜூலைக்கு உத்தேசமாக 310 யூனிட் சேர்த்து 18,550 என்று போட்டார்கள். ஆகஸ்ட் முடிவில் ஆள் வந்து பார்த்தபோது மீட்டரில் இருந்தது 18,990. ஆக, மீதி 440 யூனிட்டும் ஆகஸ்ட் கணக்கில் விழுந்தது.

கணக்கு எளிதாக இருக்க, யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொள்வோம். 310 யூனிட்டுக்கு 93 வெள்ளி, 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு 101.37. 440 யூனிட்டுக்கு 132 வெள்ளி, வரியோடு 143.88. இரண்டும் சேர்த்து 245.25. நீங்கள் உண்மையில் செலவழித்தது இரண்டு மாதத்தில் 750 யூனிட், அதாவது மாதத்துக்கு 375. ஒழுங்காகப் பிரித்திருந்தால் ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய 122.60 வெள்ளி வந்திருக்கும். ஒரு காசுகூட அதிகமாகப் போகவில்லை. ஜூலையில் கட்டாமல் விட்டதை ஆகஸ்டில் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

உத்தேசம் அதிகமாகப் போய்விட்டால் இதே கணக்கு தலைகீழாக நடக்கும், அடுத்த பில் குறையும். எனவே ஒரு மாத பில்லை வைத்துப் பதறாமல், உண்மையாகப் பார்த்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள யூனிட்டைக் கணக்கிடுங்கள். எண்ணை நீங்களே பார்த்து எஸ்பி செயலி வழியாகக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் உத்தேசத்துக்கு வேலை இல்லை. தொலைவிலிருந்தே எண்ணை அனுப்பும் புதுவகை மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

அப்புறமும் மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு சோதனை. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே மீட்டரைப் பாருங்கள். எல்லாம் அணைந்த பிறகும் எண் ஏறிக்கொண்டே இருந்தால் அது புகார் செய்ய வேண்டிய விஷயம்தான்.

ஒரே பில்லில் மின்சாரத்துக்கு இரண்டு விலை போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் வேறு விலை சொல்கிறார். ஏன்?
*வாசகர், தெம்பனிஸ்*

ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு காசு என்ற விலையைத்தான் டாரிஃப் என்கிறார்கள். எஸ்பி குழுமத்திடம் மின்சாரம் வாங்கும் வீடுகளுக்கு இந்த விலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மாறும். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் ஒப்புதலோடுதான் மாற்றுவார்கள். உங்கள் பில் காலம் செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிந்திருக்கிறது. அதனால் செப்டம்பர் நாட்களுக்குப் பழைய விலை, அக்டோபர் நாட்களுக்குப் புதிய விலை என்று யூனிட்டைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறை வசூலிக்கவில்லை.

விலை ஏறி இறங்க முக்கியக் காரணம் இயற்கை எரிவாயு. சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு அதிலிருந்துதான் வருகிறது. எரிவாயு விலை அசைந்தால் நம் யூனிட் விலையும் அசையும்.

எதிர்வீட்டுக்காரர் தனியார் விற்பனை நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டிருப்பார். 2019ஆம் ஆண்டிலிருந்து தீவு முழுவதும் வீடுகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. நிலையான விலை என்று ஒப்பந்தம் போட்டவருக்கு, அது முடியும் வரை காலாண்டு மாற்றம் பொருந்தாது. இருவர் விலையை ஒப்பிடும்போது இரண்டும் வரி சேர்த்த விலைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு மாதம் வீடு பூட்டியிருந்தது. இருந்தும் பில் வந்திருக்கிறது. இதுதான் ஃபிக்சட் சார்ஜா?
*வாசகர், புக்கிட் பாஞ்சாங்*

இல்லை. எஸ்பி விலையில் இருக்கும் வீடுகளுக்கு மின்சாரத்தில் தனியாக நிலைக் கட்டணம் கிடையாது. கம்பி, துணைமின் நிலையம் போன்றவற்றின் செலவு யூனிட் விலைக்குள்ளேயே இருக்கிறது. யூனிட் பூஜ்யம் என்றால் மின்சாரமும் பூஜ்யம். ஒதுக்கிவைத்த மின்திறனுக்கு என்று தனியாகக் கட்டுவது, உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைகளும் பெரிய கட்டடங்களும்தான்.

உங்கள் பில்லில் மாறாமல் வந்தது குப்பை அகற்றும் கட்டணம். மின்சாரம், தண்ணீர், குப்பை எல்லாம் ஒரே தாளில் வருவதால் இந்தக் குழப்பம். மின்சாரப் பகுதியில் கொஞ்சம் யூனிட்டும் இருக்கிறதே என்றால், ஃபிரிட்ஜை அணைக்காமல் போயிருப்பீர்கள்.

"முந்தைய நிலுவை" என்று போன மாதத் தொகையைச் சேர்த்திருக்கிறார்கள். நான் கட்டிவிட்டேன். உண்மையிலேயே கட்ட முடியாதவர்கள் என்ன செய்வது?
*வாசகி, உட்லண்ட்ஸ்*

முதலில் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: பில் தயாரான தேதி, நீங்கள் பணம் கட்டிய தேதி. பில் தயாரான பிறகு கட்டியது அந்தத் தாளில் தெரியாது, அடுத்ததில் கழிந்துவிடும். அப்படியானால் இந்த மாதத் தொகையை மட்டும் கட்டினால் போதும். கட்டிய ரசீதை அடுத்த பில் வரும்வரை வைத்திருங்கள்.

இன்னொன்று யூ-சேவ். தகுதியுள்ள வீவக வீடுகளுக்குக் காலாண்டுக்கு ஒரு முறை வரும் இந்தத் தள்ளுபடி அந்த மாத பில்லைச் சட்டென்று குறைத்துக் காட்டும். செலவு குறைந்துவிட்டது என்று நினைத்து அடுத்த மாதம் தடுமாறுகிறவர்கள் நிறைய. கட்ட வேண்டிய தொகையைப் பார்ப்பதற்கு முன் யூனிட்டைப் பாருங்கள்.

நிலுவை உண்மையாகவே சேர்ந்துவிட்டால் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எஸ்பியை அழைத்துத் தவணையில் கட்டக் கேளுங்கள். வருமானமே நின்றுவிட்ட வீடு என்றால் அருகில் உள்ள சமூக சேவை அலுவலகத்துக்குப் போங்கள். காம்கேர் உதவியில் தண்ணீர், மின்சாரக் கட்டணத்துக்கும் வழி இருக்கிறது. போகும்போது கடைசி சில மாத பில்களை எடுத்துச் செல்லுங்கள்.

நீண்ட நாள் நிலுவை உள்ள வீடுகளுக்கு முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் மீட்டர் பொருத்துவதும் உண்டு. அதில் போடும் பணத்தில் ஒரு பகுதி பழைய நிலுவைக்குப் போகும், மீதிக்குத்தான் மின்சாரம். 20 வெள்ளி போட்டும் மீட்டரில் குறைவாகக் காட்டுகிறது என்று சிலர் பயந்துபோய்க் கேட்பதற்குக் காரணம் இதுதான். எவ்வளவு பிடிக்கிறார்கள், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை மீட்டர் பொருத்தும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.