ஒற்றை நிற உடைக்குத் தோடு: எந்தக் கல், எந்த மணி?

கேள்வி (வங்கி ஊழியர், தஞ்சாவூர்): என்னிடம் சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை ஒன்று இருக்கிறது. ரவிக்கையும் அதே நிறம். எடுப்பாக இருக்கட்டும் என்று கருநீலக் கல் வைத்த தொங்கட்டான் வாங்கினேன். கடையில் பளிச்சென்று இருந்தது. மாலை வரவேற்புக்குப் போட்டுக்கொண்டு போனபோது, "காதில் என்ன கறுப்பாகத் தொங்குகிறது?" என்று கேட்டார்கள். கல் போலியா?

பதில்: கல்லின் மேல் பழி போடாதீர்கள். நல்ல நீலக்கல்லுக்கும் இதுதான் நடக்கும். நீலம் தெரிய வேண்டுமென்றால் அதன் மேல் விழுகிற வெளிச்சத்தில் நீலம் இருக்க வேண்டும். மஞ்சள் விளக்கில் அது மிகவும் குறைவு. அதனால் கல் இருண்டுவிடும். உங்கள் கூந்தலும் கறுப்பு. கறுப்புக்கு முன்னால் தொங்கும் இருண்ட கல் இல்லாத கல்லுக்குச் சமம். நாம் எல்லோரும் தோட்டைப் புடவையின் மேல் வைத்துப் பார்த்து வாங்குகிறோம். போடும்போது அதன் பக்கத்தில் இருப்பது புடவை அல்ல, கன்னமும் கூந்தலும்தான்.

சென்ற ஆண்டு என்னிடம் ஒருவர் இதே போன்ற சாம்பல் புடவையோடு வந்தார். முத்து, கருநீலம், பச்சை ஓனிக்ஸ், கார்னெட், பவழ நிற மணி என ஐந்து ஜோடிகளை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் காதில் போட்டு, மஞ்சள் விளக்கின் கீழ் ஆறடி தள்ளி நிற்கச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்தேன். பிறகு படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். கருநீலமும் கார்னெட்டும் கூந்தலோடு கலந்து மறைந்தன. பச்சை பாதிதான் தெரிந்தது. முத்தும் பவழ நிறமும் தெளிவாக நின்றன. நிறத்தை எடுத்துவிட்ட பிறகும் தோடு தெரிகிறதா என்பதுதான் முதல் சோதனை.

இரண்டில் அவர் பவழ நிறத்தை எடுத்தார். அதற்கும் காரணம் உண்டு. சாம்பல் தன் பக்கத்தில் இருக்கும் நிறத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும் நிறம். செம்மஞ்சள் சாயல் உள்ள பவழம் பக்கத்தில் வந்தால் சாம்பல் சற்றே நீலம் கலந்து குளிர்ச்சியாகத் தெரியும். நீலக்கல் வந்தால் அதே துணி பழுப்பேறி, துவைத்துத் துவைத்து நைந்தது போலக் காட்டும். முதலில் 4 மில்லிமீட்டர் மணி கோத்தேன், தூரத்தில் புள்ளியாகிவிட்டது. 8 மில்லிமீட்டருக்கு மாற்றியபோதுதான் நிறம் முகத்துக்கு வந்தது.

உங்கள் நீலத் தொங்கட்டானை விற்றுவிடாதீர்கள். வெள்ளைச் சுடிதாரோடு பகலில், கூந்தலைத் தூக்கி முடிந்து போட்டுப் பாருங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, கோவை): எதிர் நிறம் போட்டால் எடுப்பு என்று படித்தேன். மெரூன் சுடிதாருக்குக் கிளிப்பச்சை மணி போட்டேன். தோழிகள் சிரித்துவிட்டார்கள். விதி தவறா?

பதில்: விதியில் பாதியை எடுத்துக்கொண்டீர்கள். சிவப்புக்குப் பச்சை எதிர் என்பது சரி. அரக்கும் பச்சையும் சேர்ந்த காஞ்சிபுரம் பட்டைப் பாருங்கள், அங்கே இரண்டும் ஆழமான நிறங்கள். உங்கள் மெரூன் ஆழம், மணியோ கூசுகிற வெளிர் பச்சை. அதனால் கண் மணியில் மட்டுமே போய் நிற்கிறது. மரகதப் பச்சையில் ஒற்றைக் கல், அதைச் சுற்றி மெல்லிய தங்க நிற விளிம்பு என்று மாற்றுங்கள். கல் இருண்டிருப்பதால் விளிம்புதான் அதைக் கூந்தலிலிருந்து பிரித்துக் காட்டும். கிளிப்பச்சையைப் பழுப்பு வெள்ளைக் காதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, நெல்லை): என் ராசிக்குப் பவழம் ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். நீங்கள் பவழம் பவழம் என்கிறீர்களே, எனக்கு எந்தக் கல் ராசி?

பதில்: அம்மா, ராசிக்கு ஏற்ற கல்லை உங்கள் ஜோசியரிடமே கேளுங்கள். நான் நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பவழத்தின் நிறம் வேண்டும், பவழம் வேண்டாம் என்றால் சூதுபவளம் இருக்கிறது. பெயரில் பவளம் இருந்தாலும் அது வேறு கல். ஈரோடு பக்கம் கொடுமணலில் அகழ்ந்தபோது கிடைத்த மணிகளில் இதுவும் உண்டு. சூடுபடுத்தினால் சிவப்பு கூடும், அந்தக் காலத்திலேயே அந்த வித்தை தெரிந்திருந்தது. வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும் கல் என்பதால் பவழத்தைவிட மென்மையாகத் தெரியும். பெயரே உறுத்தினால் அதே நிறத்தில் கண்ணாடி மணி வாங்குங்கள், தூரத்தில் வேறுபாடு தெரியாது.

கேள்வி (செவிலியர், யாழ்ப்பாணம்): நான் நல்ல கறுப்பு. வெளிர் நிறத் தோடு போட்டால் முகம் இன்னும் கறுத்துக் காட்டும் என்று அக்கா சொல்கிறார். கறுப்பு உடையும் எனக்குப் பிடிக்கும்.

பதில்: அக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. கறுத்த நிறத்தின் மேல் முத்தும் டர்க்காய்ஸும் நிற்பது போலச் சிவந்த நிறத்தின் மேல் நிற்பதில்லை. உங்கள் மேனியில் காணாமல் போவது தேன் நிறக் கல்லும் பழுப்புக் கல்லும்தான். கறுப்பு உடை, கறுப்புக் கூந்தல் இரண்டுக்கும் நடுவில் டர்க்காய்ஸ் போல ஒளி ஊடுருவாத வெளிர் மணியைப் போடுங்கள். அக்காவையே எதிரே உட்கார வைத்து இரண்டு படம் எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி (ஆசிரியை, மதுரை): டர்க்காய்ஸ் என்றதும் நினைவு வந்தது. என்னுடைய வான நீலத் தோடு இரண்டு வருடத்தில் பாசிப் பச்சையாகிவிட்டது. இனி எந்த உடைக்குப் போடுவது?

பதில்: டர்க்காய்ஸ் நுண்ணிய துளைகள் உள்ள கல். தலை எண்ணெய், வியர்வை, வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் குடிக்கும், குடித்தது பச்சையாக வெளியே தெரியும். பழைய நீலம் திரும்ப வருவது அரிது. ஆனால் அந்தப் பச்சை வீணல்ல, துரு நிறத்துக்கும் மஞ்சளுக்கும் நீலத்தைவிட நன்றாகவே பொருந்தும். புதிதாக வாங்கினால் எண்ணெய் தடவி, தலை வாரி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடுங்கள். முத்துக்கும் இதே முறைதான். இன்னொன்று: வெள்ளை ஹௌலைட் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்பதும் நடக்கிறது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, துளையின் ஓரத்தில் தேய்த்தால் சாயம் பஞ்சில் இறங்கலாம். இறங்காவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை.

கேள்வி (நகைத் தொழிலாளி, நாகர்கோவில்): நிறத்தை மட்டும் பேசுகிறீர்கள். கல்லை எப்படிப் பதித்திருக்கிறது என்பதைச் சொல்லவில்லையே. எங்கள் வடசேரிக் கெம்பு நகையில் கல்லுக்குப் பின்பக்கம் மூடியிருக்கும். உள்ளே பளபளப்பான தாள் வைப்போம். மஞ்சள் விளக்கில் அது கனல் போல எரியும். பின்பக்கம் திறந்த கார்னெட் அதே இடத்தில் அணைந்து போகும்.

பதில்: ஐயா, இதை நீங்கள் சொன்னது நல்லது. என் ஐந்து ஜோடியில் கார்னெட் மறைந்ததற்கு அதுவும் காரணம், அது பின்பக்கம் திறந்த கல்தான். மூடிப் பதித்த கெம்புத் தோடு அந்தச் சாம்பல் புடவையோடு நன்றாகவே நின்றிருக்கும். ஒன்று மட்டும் வாங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டும்: உள்ளே தண்ணீர் போனால் தாள் கறுத்து, கல் செத்துவிடும். கெம்பைப் போட்டுக்கொண்டு குளிக்கக் கூடாது.

கேள்வி (அதே தஞ்சாவூர் வங்கி ஊழியர்): அப்படியானால் பவழ நிறமா, கெம்பா? இரண்டையும் வாங்க முடியாது.

பதில்: அவர் கெம்பு என்பார், நான் பவழ நிறம் என்பேன். உங்கள் புடவையில் ஜரிகை இல்லையென்றால் மணி. பட்டுப் புடவைக்கும் சேர்த்து ஒரே தோடு வேண்டுமென்றால் அவர் பக்கம் போங்கள்.