காலி பெட்டிப் புகார்கள்: கேள்வி பதில்

"ஆன்லைனில் வாங்கியவர்கள் 'பெட்டி காலியாக வந்தது' என்று ரீஃபண்ட் கேட்கும் ஒவ்வொரு புகாரையும் கவனமாகத்தான் விசாரிக்கிறோம். எல்லாமே நம்பும்படி இருக்கிறது. எங்கே கோட்டை விடுகிறோம்?" – கவிதா

தனித்தனியாக விசாரிப்பதில்தான். ஒற்றைப் புகார் எப்போதும் நம்பும்படியே இருக்கும். ஆர்டர் எண்ணை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் வாரியாக அடுக்கிப் பாருங்கள்.

நான் பார்த்த ஒரு வாடிக்கையாளர் கணக்கில் 20 ஆர்டர், அதில் 4 'பெட்டி காலி' புகார். பொதுவாக 200 ஆர்டருக்கு ஒரு புகார் வருகிறது என்று வைத்துக்கொண்டால், தற்செயலாக ஒருவருக்கு இப்படி நான்கு அமைய வாய்ப்பு பத்து லட்சத்தில் ஏறக்குறைய மூன்றுதான். நான்கு தொகையும், விசாரிக்காமலே ரீஃபண்ட் தரும் வரம்புக்குச் சற்றுக் கீழே இருந்தன. முகவரியைத் தேடினால் அதே வீட்டில் இன்னும் இரண்டு கணக்குகள். ஒன்றில் கதவு எண் 12/4, மற்றொன்றில் 12-4, மூன்றாவதில் 'எண் 12, வீடு 4'. கணினிக்கு அவை மூன்று வீடுகள்! முகவரியை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

"எத்தனை புகார் வந்தால் கணக்கை முடக்கலாம்?" – செல்வம்

எண்ணை மட்டும் வைத்து முடக்காதீர்கள். 20 ஆர்டர் போட்டவர்கள் பத்து லட்சம் பேர் இருந்தால், அதே நான்கு புகாரோடு நேர்மையானவர்களும் மூணு பேர் இருப்பார்கள். யாரை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் எண் சொல்லும்.

"கூரியர் மையத்தில் எடை சரியாக இருந்தால் புகார் பொய்தானே?" – ரஹீம்

பாதி சரி. அந்த மையம்வரை பெட்டியில் ஏதோ இருந்தது என்பது மட்டும் உறுதி. அதற்குப் பிறகு நடந்ததை எடை சொல்லாது.

"நான் துணி நிறைய ரிட்டர்ன் செய்கிறேன். என்னையும் பிடிப்பார்களா?" – மாலா

இது வேறு விஷயம். உங்கள் துணி கடைக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

"மூன்று புகாருக்கு பிளாக் பண்ணலாமா?" – பிரபு

செல்வத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

"டெலிவரி வேலை பார்த்தவன் நான். மையத்தில் எடை சரி என்றாலே பழி எங்கள் தலையில்தான் விழும். இது நியாயமா?" – அந்தோணி

நியாயமில்லை அண்ணே. அதனால்தான் அதே புகார்களைப் பாதை வாரியாகவும் அடுக்கச் சொல்கிறேன். வழியில் திருட்டு என்றால் பல வீடுகளிலிருந்து புகார் வரும், கொண்டுபோனவர் ஒருவராக இருப்பார். நான் சொன்ன கணக்கில் கொண்டுபோனவர்கள் நான்கு பேர், அக்கம்பக்கத்தில் ஒரு புகாரும் இல்லை.

"வாசலில் வைத்துவிட்டு வந்த பெட்டியை வேறு யாராவது பிரித்திருந்தால்?" – மறுபடியும் அந்தோணி

அப்போதும் ஒரே வீட்டில்தான் புகார் குவியும். நேர்மையானவரும் மாட்டுவார். தரவை மட்டும் வைத்து இந்த இரண்டையும் என்னால் பிரிக்க முடிந்ததில்லை. அப்படிப்பட்ட கணக்கை மூடாமல், அடுத்த பெட்டியைக் கையில் கொடுத்து, ஓடிபி வாங்கச் சொல்வேன். அப்புறமும் பெட்டி காலி என்றால் பேசிக்கொள்ளலாம்.