ஐந்து நைட்டுக்கு ஒரு சேலை போதுமா?

"காரைக்குடியில் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டு ஓடியபோது, என்னுடைய ஐந்து நைட் டூட்டியையும் எங்கள் வார்டு அக்கா பார்த்துக்கொண்டார். பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார். கண்டாங்கிச் சேலை எடுத்துக் கொடுக்கலாமா?"

சேலை இருக்கட்டும். அந்த ஐந்து நைட்டும் யார் பேரில் ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவசரத்தில் வாய்வார்த்தையாக ஆள் மாற்றினால், டூட்டி சார்ட்டில் பழைய பெயரே நின்றுவிடும். நைட் ரிப்போர்ட்டில் அக்கா கையெழுத்து, சார்ட்டில் உங்கள் பெயர் என்று இருந்தால், அவர் உழைப்புக்கு உங்களுக்குச் சம்பளம் வந்துவிடும். நான் நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருந்த காலத்தில், இப்படி ஒரு குழப்பத்தாலேயே இரண்டு பேர் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். சம்பளக் கணக்கு முடிவதற்குள் இன்சார்ஜிடம் நீங்களே போய் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். அக்காவாகப் போய்க் கேட்கமாட்டார்.

அடுத்து, ஐந்து நைட்டும் ஒரே எடை இல்லை. இரண்டு நாள் பகல் டூட்டி முடித்து அப்படியே நைட்டுக்கும் நின்றார், ஒரு நாள் வார லீவை விட்டுக்கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் அந்த இரண்டு நாளும் இருபத்து நாலு மணி நேரம் கண்விழிப்பு. அதைப் பேர் சொல்லிச் சொல்ல வேண்டும்: "அக்கா, செவ்வாக்கிழம பகல் டூட்டி முடிஞ்சு வீட்டுக்குக்கூடப் போகாம நின்னீங்களாமே. அந்த நேரத்துல நான் ஐசியூ வாசல்ல அப்பாவோட இருந்தேன்." இதைத் தனியாகச் சொல்லுங்கள். வார்டு குரூப்பில் போட்டால், கூட நின்ற மற்றவர்களுக்கு முகம் சுருங்கும்.

ஓடி வந்து நின்றதற்கு ஓவர்டைம் அவர் பேரில் ஏறியிருந்தால் டூட்டிக் கடன் பாதி தீர்ந்தது. வெறும் மாற்று டூட்டி என்றால் நைட்டுக்கு நைட் திருப்ப வேண்டும். "எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். நாளைச் சொல்லுங்கள். முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பவர் என்றால், மாசி-பங்குனி சார்ட் எழுதும் முன்பே, "அன்னைக்கும் முதல் நாள் நைட்டும் என் பேர்ல போடுங்க" என்று இன்சார்ஜிடம் சொல்லிவிடுங்கள். ஒரேயடியாக ஐந்தையும் திருப்ப வேண்டாம், டபுள் டூட்டியாகவும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் மருந்து மாறினால், அக்காவுக்காக நின்றதால்தான் என்று அந்தப் பழியும் அக்கா தலையில்தான்.

சேலைக்கு வருகிறேன். நம்மூரில் வந்த மொய்யை நோட்டில் எழுதி, கொஞ்சம் கூட்டித்தானே திருப்பிச் செய்கிறோம்? சேலையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். நானும் ஒருத்திக்கு இப்படி எடுத்துக் கொடுத்தேன். என் மகள் காதுகுத்துக்கு அவள் கடன் வாங்கி அதைவிடப் பெரிதாகச் செய்தாள். வீட்டில் சுட்ட சீப்புச் சீடையோ மணகோலமோ ஒரு தூக்கில் கொண்டுபோங்கள். அப்பா நடமாடத் தொடங்கியிருந்தால், தூக்கை அவர் கையில் கொடுத்து அக்கா வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போங்கள்.