இந்தி தொடக்க நிலைக்கு எளிய கதை

கேள்வி: இந்தி இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். எளிய சொற்களில், நிகழ்காலத்தில் மட்டும் ஒரு சிறுகதை கிடைக்குமா?

பதில்: இதை வாய்விட்டுப் படியுங்கள்.

ரவி தில்லீ மேன் ரஹ்தா ஹை. மீனா உஸ்கீ பஹன் ஹை. மா சாய் பனாதீ ஹை. பஸ் ஆதீ ஹை. ரவி ஸ்கூல் ஜாதா ஹை. மா கஹ்தீ ஹை, "மைன் பாஜார் ஜாதீ ஹூன்." ஷாம் கோ ஸப் கானா காதே ஹைன்.

பொருள்: ரவி தில்லியில் வசிக்கிறான். மீனா அவன் தங்கை. அம்மா தேநீர் போடுகிறாள். பேருந்து வருகிறது. ரவி பள்ளிக்குப் போகிறான். "நான் கடைத்தெருவுக்குப் போகிறேன்" என்கிறாள் அம்மா. மாலையில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

வினையின் முடிவைக் கவனியுங்கள். ஆணுக்கு 'தா', பெண்ணுக்கு 'தீ', ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கு 'தே'. போகிறான், போகிறாள் என்று பழகிய நமக்கு இது எளிது. தடுமாறுவது இரண்டு இடங்களில்.

ஒன்று, 'நான்'. தமிழில் யார் சொன்னாலும் 'போகிறேன்'தான். இந்தியில் அம்மா 'ஜாதீ ஹூன்' என்கிறாள். ரவி சொன்னால் 'ஜாதா ஹூன்'. பெண்கள் 'ஜாதா ஹூன்' என்று சொல்லிப் பழகிவிட்டால் மாற்றுவது சிரமம், முதலிலேயே சரியாகச் சொல்லுங்கள்.

மற்றொன்று, உயிரற்ற பொருள்கள். பஸ் பெண்பால், அதனால் 'ஆதீ'. சாயும் பெண்பால்தான், ஆனால் தூத், அதாவது பால், ஆண்பால். இதற்கு முழுமையான விதி கிடையாது. சொல்லோடு சேர்த்தே அது ஆண்பாலா பெண்பாலா என்பதையும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

இனி ரவி இருக்கும் இடத்திலெல்லாம் மீனாவையும், மீனா இருக்கும் இடத்தில் ரவியையும் வைத்து, கதையை மறுபடி சொல்லிப் பாருங்கள். 'ரஹ்தா' 'ரஹ்தீ' ஆகும். மீனாவுக்கு ரவி அண்ணன் என்பதால் 'உஸ்கீ பஹன்' 'உஸ்கா பாயீ' ஆகும்.