ஒரே பீம், மூன்று விடைகள்

*சார், 100 மி.மீ. அகலம், 200 மி.மீ. உயரம் உள்ள ஒரு மரப் பர்லின். நீளம் 4 மீட்டர், இரண்டு முனையிலும் சும்மா தாங்கியிருக்கிறது. கூரை 30 டிகிரி சாய்வு, பர்லினும் அதே சாய்வில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் பாரம், நேர் கீழாக. என் நண்பனுக்குத் தகைவு 4.5 வந்தது. நான் பாரத்தை இரண்டாகப் பிரித்துப் போட்டேன், 5.95 வந்தது. புத்தகத்தின் பின்பக்கத்தில் 8.4 என்று இருக்கிறது, அதுவும் ஏதோ ஒரு மூலைக்கு மட்டும். எங்கே தப்பு செய்தேன்?*
*— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவி*

கடைசி ஒரு வரியில்தான் தப்பு. 5.95-ஐப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: 3.9, 4.5 என்று இரண்டு எண்கள் கிடைத்திருக்கும். அவற்றை வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் போட்டிருக்கிறீர்கள். அங்கே வெறும் கூட்டல் போதும்.

அந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். நடுவில் மொமென்ட் wL²/8, அதாவது 3 கிலோ நியூட்டன் மீட்டர். இதைப் பீமின் சொந்த அச்சுகளுக்குப் பிரிக்கிறோம். கூரைக்குச் செங்குத்தாக, உயர வாக்கில் வளைப்பது 3 cos 30 = 2.6. சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் வளைப்பது 3 sin 30 = 1.5. உயர வாக்கில் வெட்டுமுகக் குணகம் bh²/6, அதாவது 6,66,667 மி.மீ³. பக்கவாட்டில் hb²/6, அதில் சரிபாதி, 3,33,333. வகுத்தால் முதலாவதில் 3.9, இரண்டாவதில் 4.5 மெகாபாஸ்கல்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மொமென்டில் பாதிதான் பக்கவாட்டில் போகிறது. ஆனால் அது தரும் தகைவு, பீம் நிமிர்ந்து நின்று முழு மொமென்டையும் வாங்கினால் வரும் தகைவுக்குச் சமம். உங்கள் நண்பருக்குக் கிடைத்த 4.5 அந்த நிமிர்ந்த பீமுக்கானது. சாய்வையே அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இனி கூட்டல். 3.9 என்பதும் 4.5 என்பதும் பீமின் நீளவாக்கில் இழுக்கும் அல்லது அமுக்கும் தகைவுகள். வளைக்கும் திசைகள்தான் ஒன்றுக்கொன்று செங்குத்து. தகைவுகள் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன. ஒரே கயிற்றை இரண்டு பேர் இழுப்பதற்கு வர்க்கமூலம் எதற்கு?

இந்த வழுக்கல் எனக்கும் நடந்ததுண்டு. உருண்டை ஷாஃப்ட் கணக்குகளைப் போட்டுப் பழகிய கைக்கு வர்க்கமூலம் தானாக வரும், அங்கே அது சரியும்கூட. வட்டத்தில் உயர வாக்கின் உச்சத் தகைவு ஒரு புள்ளியில் வருகிறது, பக்கவாட்டின் உச்சம் கால் சுற்று தள்ளி வேறொரு புள்ளியில் வருகிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்வதே இல்லை. செவ்வகத்துக்கு மூலை இருக்கிறது. மேல் முகத்தின் உச்சமும் பக்க முகத்தின் உச்சமும் அந்த மூலையில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

இப்போது நான்கு மூலைகளுக்கும் போவோம். சூத்திரத்தில் பிளஸ், மைனஸ் தேடாதீர்கள். பீம் எப்படி வளைகிறது என்று மனதில் பாருங்கள். கீழே தொய்வதால் மேல் முகம் அமுங்குகிறது, அடி முகம் இழுபடுகிறது. சரிவுப் பக்கமாகவும் தொய்வதால் சரிவின் கீழ்ப்பக்க முகம் இழுபடுகிறது, மேட்டுப் பக்க முகம் அமுங்குகிறது. ஆக, மேல் முகமும் மேட்டுப் பக்கமும் சந்திக்கும் மூலையில் 3.9 + 4.5 = 8.4 அமுக்கம். அதற்கு நேர் எதிர் மூலையில் 8.4 இழுவிசை. இதுதான் உங்கள் புத்தகத்தின் விடை. சாய்ந்த பீமை வரைந்து பார்த்தால் முதல் மூலைதான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும், மற்றது எல்லாவற்றுக்கும் கீழே.

மிச்ச இரண்டு மூலைகளில்தான் சுவாரஸ்யம். மேல் முகத்தின் சரிவுப் பக்க மூலையில் 3.9 அமுக்கத்தோடு 4.5 இழுவிசை மோதி, 0.6 இழுவிசை மிஞ்சுகிறது. மேல் முகம் முழுக்க அமுக்கம்தான் என்று நாம் நம்பும் பீமில், ஒரு மூலை இழுபடுகிறது! அதன் எதிர் மூலையில் 0.6 அமுக்கம்.

அப்படியானால் மேல் முகத்திலேயே எங்கோ தகைவு பூஜ்யமாக வேண்டும். 100 மி.மீ. அகலத்தில் 8.4 அமுக்கத்திலிருந்து 0.6 இழுவிசைக்கு நேர்கோட்டில் மாறுகிறது. விகிதம் போட்டால், சரிவுப் பக்க மூலையிலிருந்து 6.7 மி.மீ. உள்ளே பூஜ்யம். அங்கிருந்து மையம் வழியாக ஒரு கோடு இழுங்கள், அதுதான் நடுநிலை அச்சு. அகல வாக்கிலிருந்து அது 66.6 டிகிரி திரும்பியிருக்கிறது. பாரத்துக்குச் செங்குத்தாகவே இருந்திருந்தால் 30 டிகிரியோடு நின்றிருக்கும். tan α = (உயர வாக்கு I ÷ பக்கவாட்டு I) × tan θ என்ற சூத்திரத்திலும் இதே கோணம்தான் வரும்; இங்கே I-களின் விகிதம் 4. பீம் தொய்வது இந்த அச்சுக்குச் செங்குத்தாக. அதனால் பாரம் நேர் கீழே இழுத்தாலும் பீம் 36.6 டிகிரி விலகி, சரிவுப் பக்கமாகவே சாய்ந்து தொய்கிறது. எளிதாக வளையும் திசையைத்தான் அது தேடிப் போகிறது.

விடையைச் சரிபார்க்க நான்கு தகைவுகளையும் கூட்டிப் பூஜ்யம் வருகிறதா என்று பார்ப்பார்கள். பார்க்கலாம், ஆனால் நம்பிவிடாதீர்கள். இரண்டு குணகங்களையும் இடம் மாற்றிப் போட்டு 10 என்று தப்பாக வந்தாலும் கூட்டல் பூஜ்யம்தான். செவ்வகத்துக்கு நான் வைத்திருக்கும் குறுக்குவழி வேறு: நிமிர்ந்த பீமின் தகைவை cos θ + (h/b) sin θ ஆல் பெருக்குங்கள். இங்கே 0.866 + 1 = 1.866. 4.5-ஐ அதால் பெருக்கினால் 8.4. கோணத்தைப் பூஜ்யமாக்கினால் பெருக்கி 1 ஆகிவிட வேண்டும். Sin, cos இடம் மாறியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இதே பீமை நிமிர்த்தி வைக்கும்போது வெறும் 5 டிகிரி சாய்ந்துபோனால்கூடத் தகைவு 17 சதவீதம் ஏறிவிடும் என்பதையும் இந்தப் பெருக்கியே சொல்லும். பீம் ஒல்லியாக ஆக, ஏற்றம் இன்னும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. பாரம் வெட்டுமுகத்தின் மையம் வழியாகப் போகிறது என்று வைத்துத்தான் இத்தனையும். கூரைத் தகடு மேல் முகத்தில் உட்கார்ந்து சரிவை ஒட்டி இழுத்தால் முறுக்கமும் சேரும், அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். மெல்லிய C, Z வெட்டுமுகங்களுக்கு இந்த மூலைக் கூட்டலை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

நிஜக் கூரையில் 8.4 அதிகம் என்று தோன்றினால், பீமைப் பெரிதாக்குவதற்கு முன் நடுவில் ஒரு சாக் ராடு, அதாவது பீம் சரிவில் தொய்யாமல் மேட்டுப் பக்கமாகப் பிடித்துக்கொள்ளும் கம்பி, போட்டுப் பாருங்கள். நீளாமல் கெட்டியாகப் பிடித்தால் பக்கவாட்டு வீச்சு பாதியாகும். நடுவில் பக்கவாட்டு மொமென்ட் 1.5-லிருந்து 0.375-க்கு இறங்கும், தகைவு 1.1 ஆகும். மொத்தம் 5.0. ஆனால் ராடு பிடிக்கும் இடத்தில் பக்கவாட்டு வளைவு திசை மாறிவிடுவதால், அதிகம் அமுங்கும் மூலையும் இடம் மாறி, மேல் முகத்தின் சரிவுப் பக்கத்துக்கு வந்துவிடும். முன்பு 0.6 இழுவிசை இருந்த அதே மூலை.