ஏரிக்கரையில் ஒரே சட்டகம், 52 வாரம்

கேள்வி: "கண்ணில் பட்டதையெல்லாம் போனில் படமெடுக்கிறேன். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை. ஒரு வருடம் முழுக்கத் தொடர்ந்து எடுக்கிற மாதிரி ஒரு கரு சொல்ல முடியுமா?"

ஒரே இடத்தில் நின்று, ஒரே சட்டகத்தை, வாரம் ஒருமுறை எடுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர் ஏரியை நான் அப்படித்தான் எடுத்தேன். செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தொடங்கினேன். ஏரிதான் வேண்டும் என்றில்லை. ஆனால் நீங்கள் எதுவும் செய்யாமலேயே மாறிக்கொண்டிருக்கும் இடமாக இருக்க வேண்டும், வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடியதாக இருக்க வேண்டும். தூரமாக இருந்தால் ஆறாவது வாரத்தில் நின்றுவிடும்.

இதில் பெரும்பாலும் தவறிப்போவது நிற்கும் இடம்தான். மதகுக் கல்லின் மேல் நின்றுதானே எடுக்கிறோம், போதும் என்று நினைத்தேன். முதல் நான்கு படங்களை அடுத்தடுத்துத் தள்ளிப் பார்த்தபோது எதிர்க்கரைப் பனைமரம் இடமும் வலமும் குதித்தது. ஓரடி தள்ளி நின்றாலே, கிட்டத்தில் இருப்பதற்கும் தூரத்தில் இருப்பதற்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். சட்டகம் கொஞ்சம் அகலமாகிவிட்டால் பிறகு வெட்டிச் சரிசெய்யலாம். நின்ற இடம் மாறினால் எந்தச் செயலியாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

அதற்கு ஒரு வழி: கிட்டத்தில் ஒரு பொருளையும் தூரத்தில் ஒரு பொருளையும் ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். எனக்குக் கிட்டத்தில் மதகின் கல்தூண், தூரத்தில் அந்தப் பனை. தூணின் வலது விளிம்பைப் பனையின் அடிமரம் தொடும்வரை நகர்வேன். பிறகு தூணின் தலை எதிர்க்கரைக் கோட்டைத் தொடும்வரை போனை ஏற்றி இறக்குவேன். இரண்டும் பொருந்தினால் போன வாரம் நின்ற அதே இடம்தான். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் இன்னும் எளிது. எப்போதும் 1x மட்டும், விரலால் பெரிதாக்கவே கூடாது. இடையில் போன் மாற்றினேன், புதியதன் 1x கொஞ்சம் அகலம். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து அந்த அளவுக்கு வெட்டினேன், சரியாகப் பொருந்தியது.

அடுத்து நேரம். கடிகாரத்தை நம்பாதீர்கள். எங்கள் பக்கம் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.40 வாக்கில் உதிக்கும், ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். தினமும் 6.15 என்று வைத்தால் ஒரு பருவத்தில் நல்ல வெயில், இன்னொன்றில் சூரியனே வந்திருக்காது. நான் உதயத்திலிருந்து அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன்.

வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 'டேலைட்'டில் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மழைநாளின் நீலத்தையும் கோடைத் தூசியின் மஞ்சளையும் கேமரா அழித்து எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். வருடத்தின் நிறம்தானே இங்கே நமக்கு வேண்டியது.

நவம்பரில் கலங்கல் வழிந்தபோது எடுப்பது சுகமாக இருந்தது. தண்ணீர் வற்ற வற்ற நத்தைக்குத்தி நாரைகள் வந்தன. அப்புறம் மார்ச், ஏப்ரல். ஒவ்வொரு வாரமும் அதே சேறு. இங்கேதான் பலரும் விட்டுவிடுவார்கள். அப்போது ஒரு விதி சேர்த்தேன்: சட்டகப் படம் எடுத்தபின் ஐம்பது அடிக்குள் கிட்டத்தில் இன்னொரு படம். ஒரு வாரம், வெடித்த மண்ணின் பிளவுக்குள் காய்ந்த நத்தை ஓடு. அடுத்த வாரம் அதே பிளவில் இரண்டே இலையோடு ஒரு வேலிக்கருவைக் கன்று. தூரத்துப் படத்தில் மாற்றமே தெரியாத வாரங்களை இந்தப் படங்கள்தான் தாங்கின.

காய்ச்சலில் இரண்டு வாரம் போகவில்லை. அந்த இடங்களைக் காலியாகவே விட்டேன். வேறு நாளில் எடுத்து நிரப்பினால் பக்கத்துப் படங்களையும் நம்ப முடியாது. கோப்புப் பெயரில் தேதியை மட்டும் வையுங்கள், `2024-11-17.jpg` மாதிரி. தானாகவே வரிசையாக நிற்கும்.

கடைசியில் வரிக்கு நான்கு என்று 13 வரிகளில் அடுக்கி ஒரே தாளில் அச்சிட்டேன். எடுக்கும்போது கவனிக்காத ஒன்று அப்போது தெரிந்தது. கரையில் மேற்கு பார்த்து நிற்பதால் என் நிழல் சட்டகத்தின் அடியில் விழும், முதலில் அதை ஒரு குறையாக நினைத்தேன். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கே சாய்ந்து உதிப்பதால் நிழல் வலப்பக்கம் கிடந்தது. மார்ச்சில் கிட்டத்தட்ட நேராக ஏரிக்குள் நீண்டது. ஜூனில் இடப்பக்கம் போய்விட்டது. மேலிருந்து கீழே வரிகளைப் பார்த்தால், தண்ணீர் ஏறி இறங்க, அந்த நிழல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறது.